பத்து மணிச் சாவு, ஆறு மணிச் சாவு

மடுகரை செங்கமலத்தை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு மாதம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று என்னை ஒரு மனுஷனாக மதிக்காமல் பேசிய பெண்பிள்ளை அவள். ஆனால் அவளுடைய கதையில் வருகிற மற்றவர்களை நினைத்தால் அவள் எவ்வளவோ தேவலை. அதனால்தான் அவளைப் பற்றி எழுதுகிறேன்.

நான் சூசைநாதன். பாண்டிச்சேரி பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த நெட்டப்பாக்கத்தில், மேரி என்று நாங்கள் சொல்லும் கம்யூன் ஆபீசுக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதிப் பிழைத்தவன். பிரெஞ்சும் இங்கிலீஷும் எழுதுவேன். சுற்றுவட்டாரத்தில் இரண்டும் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

செங்கமலத்தின் புருஷன் தணிகைவேல் கரும்புக்காரன். இரண்டு காணி நிலம், ஒரு கிணறு, இரண்டு பெண் பிள்ளைகள். 1934-இல் அரங்கநாதன் என்கிற ஏஜெண்டு சைக்கிளில் வந்து, கரும்பு ஆலைக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்து உட்காரவைத்து, மதராசில் இருக்கிற கிழக்குக்கரை லைஃப் அஷ்யூரன்ஸ் கம்பெனியில் ஆயிரம் ரூபாய்க்குப் பாலிசி எடுக்கவைத்தான். "நீ கண்ணை மூடினா ஒரே வாரத்தில பணம் உன் வூட்டு வாசப்படியில நிக்கும்பா" என்றானாம். நாக்கில் நரம்பில்லாதவன் எதையும் பேசுவான்.

தணிகைவேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரீமியம் கட்டினான். ஒரு தவணை தவறவில்லை. எங்கள் மேரியில் பிறப்பு எழுதி வைக்கிற வழக்கம் உண்டாகையால் வயசுக்கும் சான்று கொடுத்து, 'வயது ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று பாலிசியில் முத்திரை வாங்கினான். பிறகு பணம் யாருக்குப் போகவேண்டும் என்று பெண்டாட்டி பேரைப் பதிந்து, அதையும் பாலிசியின் முதுகில் எழுதி வாங்கி வைத்தான். இவ்வளவு ஒழுங்கானவன் எங்கள் கம்யூனில் வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

1940 ஆவணியில் துருப்பிடித்த வண்டி ஆணி காலில் ஏறியது. எட்டாம் நாள் வாய் பூட்டிக்கொண்டது. வண்டியோட்டி தங்கவேலின் மாட்டு வண்டியில், எல்லைக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் பண்ருட்டியில் இருந்த டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் அவனை எரித்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது அப்போது அவ்வளவுதான்.

மாதம் முடிவதற்குள் செங்கமலம் என்னிடம் வந்தாள். கம்பெனி அனுப்பியிருந்த பாரங்கள் மூன்று. ஒன்று பணம் கேட்பவர் நிரப்புவது. ஒன்று கடைசியாகப் பார்த்த டாக்டர் எழுதிக் கொடுப்பது. ஒன்று பிணத்தை அடையாளம் கண்டு, எரித்ததையும் பார்த்த ஒருவர் கையெழுத்துப் போடுவது. இவற்றோடு பாலிசி பத்திரமும் மேரியின் சாவுப் பத்திரமும். எல்லாம் சேர்த்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். கிளெய்ம் நம்பர் 318 என்று பதில் வந்தது. அதோடு சரி, கிணற்றில் போட்ட கல்.

நான்கு மாதம் கழித்து மதராசிலிருந்து ஒரு கடிதம். மேரிப் பத்திரம் பிரெஞ்சில் இருக்கிறதாம், இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேண்டுமாம். கொடுத்தோம். அதில் பாண்டிச்சேரி பிரிட்டிஷ் கான்சலின் முத்திரை வேண்டுமாம். அதற்கும் நடந்தோம். பிறகுதான் உள்ளே இருந்த பூனை வெளியே வந்தது. டாக்டர் எழுதியது: காலை பத்து மணி, பண்ருட்டியில் என் வைத்தியசாலை வாசலில், வண்டியிலேயே மரணம். மேரிப் பத்திரம் சொன்னது: மாலை ஆறு மணி, மடுகரையில் சொந்த வீட்டில் மரணம். ஒரு மனிதன் இரண்டு ஊரில் இரண்டு முறை எப்படிச் சாவான் என்று கேட்டிருந்தார்கள். விளக்கம் வரும்வரை கிளெய்ம் 'பரிசீலனையில் இருக்கும்'.

"டாக்டரு தப்பா எழிதிப்புட்டாரு ரைட்டரே" என்றாள் செங்கமலம். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அப்போதே கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. கேட்டால் வேலை கூடும், கூலி கூடாது. அதோடு என் புத்திசாலித்தனத்தைக் காட்டவும் ஓர் ஆசை வந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் கடிகாரம் வேறு, பிரிட்டிஷ் எல்லைக்குள் கடிகாரம் வேறு, அதனால் நேர வித்தியாசம் வந்திருக்கலாம் என்று எழுதினேன். எட்டு மணி நேர வித்தியாசம்! கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொல்கிறவனுக்கு நான் குரு. அந்தக் கம்பெனிக்காரன் என்னை விட மடையன். இரண்டு கடிகாரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கவர்மெண்டு சர்டிபிகேட் வாங்கி அனுப்பச் சொல்லி இரண்டு மாதம் கழித்துப் பதில் போட்டான்.

இதற்கிடையில் ஏஜெண்டு அரங்கநாதன் ஒருமுறை வந்தான். சைக்கிளை விட்டு இறங்காமலேயே பேசினான்.

"டாக்டருக்கு அம்பது ரூபா கொடுத்து வேற சர்டிபிகேட் வாங்கிடுங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

"இன்னாத்தப் பாத்துக்குவ நீ?" என்றாள் செங்கமலம். "உயிரோட இருந்தவர்கிட்ட வாங்கறதுக்கு மட்டும் ஆலைக்கும் வூட்டுக்கும் நடந்தியே. இப்போ சைக்கிள்லேர்ந்து எறங்க காலு வலிக்குதா?"

அவன் அதற்குப் பிறகு மடுகரைப் பக்கம் வரவில்லை. டாக்டர் நல்ல மனிதர், கேட்டுப் பார்த்ததற்கு, நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேன், இனி ஓர் எழுத்தும் மாற்ற மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதில் யாருக்கு என்ன அவசரம் என்றால், ஆடிப் பதினெட்டு. கிணறு வெட்டுவதற்காகத் தணிகைவேல் தன் சொந்த அண்ணன் ஆதிமூலத்திடம் அறுநூறு ரூபாய் வாங்கி, இரண்டு காணியையும் பிணை எழுதிக் கொடுத்திருந்தான். 1941 ஆடிப் பதினெட்டுக்குள் பணம் வராவிட்டால் நிலம் அண்ணனுக்கு. அந்த நிலத்தை விட்டால் அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் வேறு கஞ்சி கிடையாது. இது கம்யூன் முழுக்கத் தெரிந்த விஷயம்.

ஆதிமூலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய நாமம், வாய் நிறைய பெருமாள். தம்பி செத்த மறுநாள் சுடுகாட்டிலேயே ஆரம்பித்துவிட்டான். "ஏகாதசி மரணம், துவாதசி தகனம். எந்தம்பி குடுத்து வெச்சவன். நேரா வைகுந்தம்." துவாதசி பிறக்கட்டும் என்று மறுநாள் பிற்பகல் வரை பிணத்தைப் போட்டு வைத்தார்கள். ஆவணி வெயில். வந்தவர்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வைகுந்தத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேரியில் போய்ச் சாவு எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் இந்த ஆதிமூலம்தான்.

ஆனி மாதக் கடைசியில் கம்பெனியிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பதினைந்து நாளில் திருப்தியான விளக்கம் வராவிட்டால் கோப்பு மூடப்படும். அதைப் படித்துச் சொன்ன அன்றைக்கு ஆதிமூலமும் அவள் பின்னாலேயே வந்து சேர்ந்தான். யார் சொன்னார்களோ தெரியாது.

"இந்தாம்மா செங்கமலம்" என்றான். "ஆறு மணிக்கு நம்ப வூட்டுல உயிர் போச்சுன்னு நான் பத்திரம் பதியற நோட்டேர்கிட்ட சத்தியம் பண்ணி எழிதித் தரேன். நாலு பேரையும் கூட்டியாறேன். டாக்டரு குடிகாரன்னு எழிதிடலாம். வர ஆயிரத்துல பாதி எனக்கு. என் கடன் தனி."

"மாமா, ஆயிரத்துல ஐநூறு போனா, மீதி ஐநூறுல ஒங்க அறுநூறு எப்பிடித் தீரும்?"

"அது உன் பாடு."

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இவன் வீட்டை எரித்துவிட்டுப் பிடுங்க வந்தவன். எனக்கே அவனைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. நானோ கடிகாரக் கதை எழுதிக் கூலி வாங்கியவன்.

அவன் போன பிறகு செங்கமலம் மேரிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எழுதுய்யா" என்றாள். "டாக்டரு எழிதினதுதான் நெசம்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"பத்து மணிக்குப் போயிட்டாருய்யா. என் மடியில. டாக்டரு வந்து கைய புடிச்சிப் பாத்துட்டு, கொண்டுபோம்மான்னாரு. நான் வாயத் தெறந்தேன். மாமா என் வாயப் பொத்திட்டாரு. 'அழுவாத. வழியில செத்த பொணம் ஊருக்குள்ள வராது. வூட்டுக்குள்ளயும் வராது. அழுதியானா ஒம் புருஷன் ஏரிக்கரையிலதான் கெடப்பான்'னாரு."

பண்ருட்டியிலிருந்து மடுகரைக்கு ஆறு மணி நேரம். வண்டிக்குள் செத்த புருஷனை மடியில் வைத்துக்கொண்டு, நோயாளிக்கு விசிறுவது போல் விசிறிக்கொண்டே வந்திருக்கிறாள். எல்லைச் சுங்கச் சாவடியில் சேவகன் படுதாவைத் தூக்கிப் பார்த்திருக்கிறான். ஜுரம், தூங்குகிறார் என்று சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு நெற்றியைத் தொட்டும் பார்த்திருக்கிறாள். ஊருக்குள் வந்ததும் கூடியவர்களுக்கு முன்னால், "இன்னும் மூச்சு இருக்குது" என்று ஆதிமூலம் சத்தம் போட, வீட்டுக்குள் கிடத்தி அந்தப் பூட்டிய வாயில் பால் விட்டிருக்கிறாள். பால் வழிந்து கழுத்தில் இறங்கியது என்றாள். வழியிலேயே ஆதிமூலம் ஒரு அய்யரை விசாரித்து வைத்திருந்தான். தசமி மத்தியானத்தோடு முடிந்து ஏகாதசி பிறந்துவிடும். எதற்கும் ஆறு மணி வரை இழுத்துவிட்டால் தம்பிக்கு வைகுந்தமும் தனக்குப் பேரும். ஆறு மணிக்கு, "இப்போ அழு" என்றானாம்.

"அப்போ அழுகை வரலய்யா" என்றாள் செங்கமலம். "எட்டு மணி நேரம் அடக்கினது எங்கியோ போயி ஒக்காந்துகிச்சி. ஊரே பாத்து, கல்லு மாதிரி நிக்கறா பாருன்னுது."

அன்றைக்கு என் மேசைக்கு முன்னால் அவள் அழுதாள். மேரி வாசலில் நின்றிருந்த பியூன் வேடிக்கை பார்த்தான். நான் அவனைப் பார்த்துச் சத்தம் போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒழுங்கான காரியங்களில் அது ஒன்று.

அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாலிசியில எந்த எடத்துல சாவணும்னு போட்டுருக்கா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் நான் அந்தப் பாலிசியின் நகலை முதல் தடவையாக முழுதும் படித்தேன். ரைட்டர் என்று பேர் வைத்துக்கொண்டு பதினொரு மாதம் கழித்து! முதல் வருஷத்தில் தற்கொலை செய்துகொண்டால் கிடையாது என்று இருந்தது. தவணை தவறினால் கெடு முப்பது நாள் என்று இருந்தது. சாவுக்கும் உரிமைக்கும் சான்று காட்டினால் பணம் என்று இருந்தது. எந்த ஊரில், எத்தனை மணிக்குச் சாகவேண்டும் என்று எங்கும் இல்லை.

இங்கிலீஷில் எழுதிய அந்தக் கடிதத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

'பாலிசி நம்பர் 4172, கிளெய்ம் நம்பர் 318. இறந்தவர் மடுகரை தணிகைவேல். பணத்துக்கு உரியவளாகப் பாலிசியில் பதியப்பட்ட மனைவி செங்கமலம் எழுதிக்கொள்ளும் புகார்.

சாவுக்கான சான்றுகள் தங்களிடம் வந்து பத்து மாதத்துக்கு மேல் ஆகிறது. பிரீமியம் கடைசித் தவணை வரை கட்டப்பட்டு, ரசீதுகள் தங்களுடையவை. வயதைத் தாங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். பாலிசி ஆறு வருஷம் பழையது.

டாக்டர் எழுதியது உண்மை. என் கணவர் காலை பத்து மணிக்குப் பண்ருட்டியில் இறந்தார். வழியில் இறந்தவரை வீட்டுக்குள் கொண்டுவருவது எங்கள் ஊரில் வழக்கமில்லாததால், உயிர் இருப்பதாகச் சொல்லிக் கொண்டுவந்து, மாலை ஆறு மணி என்று மேரியில் எழுதினார்கள். எழுதியவர் என் கணவரின் அண்ணன். முன்பு எனக்காக எழுதப்பட்ட கடிகார விளக்கம் பொய். அதை எழுதியவன் முட்டாள்.

பத்து மணி என்றாலும் ஆறு மணி என்றாலும் அதே தேதிதான். இரண்டு நேரத்திலும் பாலிசி உயிரோடிருந்தது, என் கணவர்தான் இல்லை. சாவின் இடமோ நேரமோ பற்றிப் பாலிசியில் எந்த நிபந்தனையும் இல்லை. இருந்தால் அந்த வரியைக் காட்டவும். இல்லையென்றால் பணத்தை அனுப்பவும். வண்டியோட்டி தங்கவேலின் வாக்குமூலம் இத்துடன் இருக்கிறது. இதன் நகல் இன்ஷூரன்ஸ் சூப்பரிண்டெண்டு அவர்களுக்கும் போகிறது.'

'எழுதியவன் முட்டாள்' என்பது அவள் சொன்னது. வேண்டாம்மா என்று பார்த்தேன். "ஏன், நெசமில்லியா?" என்றாள். போட்டுவிட்டேன்.

தங்கவேல் வாக்குமூலம் கொடுப்பானா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆதிமூலத்தின் வண்டியையும் ஓட்டுகிறவன் அவன். ஆனால் கேட்ட உடனே பெருவிரலை மையில் வைத்தான். "அந்தம்மா விசிறிக்கினே வந்துச்சே, எனக்கு முதுகுல காத்து பட்டுச்சு சாமி. இன்னும் படுது" என்றான்.

பிரெஞ்சு ராஜ்ஜியத்து ஏழை விதவைக்கு, கம்பெனிகளை மேற்பார்க்கிற பிரிட்டிஷ் சூப்பரிண்டெண்டைப் பற்றி என்ன தெரியும் என்று கம்பெனி நினைத்திருக்கும். நகலைப் பார்த்ததும் நினைப்பு மாறிவிட்டது போல. பத்து மாதம் அசையாத கோப்பு பத்தொன்பது நாளில் ஓடியது. டாக்டரைக் கேட்டு ஒரு வரி எழுதி வாங்கினார்கள். பணம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடும் காகிதம் வந்தது. அதை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கைநாட்டு வைத்தாள். ஆடிப் பதினாறாம் தேதி செக்கு வந்தது. 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' என்று ஒரு வரி இருந்தது. படித்துச் சொன்னேன். "அத நீயே வெச்சுக்க" என்றாள்.

செக்கைப் பாண்டிச்சேரியில் பணமாக மாற்றிக்கொண்டு வந்து, பதினெட்டாம் பெருக்கன்று, எல்லோரும் ஆற்றுக்குப் போகும் நேரத்தில், நோட்டேர் முன்னிலையில் அறுநூறு ரூபாயையும் வட்டியையும் எண்ணி வைத்தாள். பிணைப் பத்திரத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பணத்தை வாங்கிக்கொண்ட ஆதிமூலத்தின் முகத்தைப் பார்த்தால், அவனுக்கே சாவு எழுதவேண்டும் போல் இருந்தது.

சும்மா இருப்பானா? மறுநாளே ஊரைக் கூட்டிவிட்டான். பொய் எழுதியதற்காக மேரியிலிருந்து தன்னைக் கூப்பிடுவார்கள் என்கிற பயம் ஒரு பக்கம். அதை மறைக்கத் தீட்டுக் கதை. "வழியில செத்த பொணத்த வூட்டுக்குள்ள வெச்சவ. அந்த வூட்டுல எவன் பொண்ணெடுப்பான்? வூட்டையே இடிச்சிக் கட்டணும்."

செங்கமலம் வாசலில் வந்து நின்றாள்.

"தூக்கியாந்து வெச்சது யாரு மாமா? கால் பக்கம் நீங்க, தல பக்கம் நானு. தீட்டுன்னா ஒங்க கையையும் வெட்டிப்புட்டுத்தான் கட்டணும். மேரியில கேட்டாங்கன்னா இன்னா சொல்லுவீங்க? எந்தம்பி பத்து மணிக்குச் செத்து ஆறு மணிக்கு மறுபடி செத்தான்னா?"

சிரிப்பு எழுந்தது. கூட்டம் கலைந்தது. ஆனாலும் அவள் வீட்டுக்குத் தண்ணீர் வாங்கிக் குடிக்க வருவதைப் பாதிப்பேர் நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஜனங்களுக்கு யார் சரி என்று தெரியும். தெரிந்த பிறகும் எந்தப் பக்கம் சாப்பாடு அதிகமோ அந்தப் பக்கம் நிற்பார்கள்.

ஆவணியில் முதல் வருஷத் திதி. ஏகாதசி மரணம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்ட ஆதிமூலத்துக்கு அதை விட மனமில்லை. ஏகாதசியில் தன் வீட்டில் திதி, பிறகு ஊருக்கே சாப்பாடு என்று சொல்லிவிட்டான். செங்கமலம் அதற்கு முந்தின நாள், தசமியில், தன் வீட்டில் இலை போட்டாள். காலை பத்து மணிக்கு.

அவளைத் தவிர அங்கே இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். அவளுடைய இரண்டு பெண்கள், தங்கவேல், எங்கிருந்தோ சேதி கேட்டு வந்த பண்ருட்டி டாக்டரின் கம்பவுண்டர், நான். கிறிஸ்தவனை எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்டேன். "நீதான கடுதாசி எழுதுன, வந்து தின்னு" என்றாள்.

படையலுக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு, அவனுடைய வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து மணி அடித்ததாகத் தங்கவேல் சொன்னான். அந்த வீட்டில் கடிகாரம் இல்லை. வெயிலைப் பார்த்துச் சொன்னான்.

"இப்போ அழுவலாமா ரைட்டரே?" என்று கேட்டாள்.

என்னைக் கேட்க அவளுக்கு என்ன அவசியம் என்று தெரியவில்லை. எங்கள் எல்லோரையும் அவள் அவ்வளவு கேவலமாக நினைத்திருந்தாள் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. சாவதற்கு நேரம் குறித்துக் கொடுத்தவர்களும் நாங்கள்தான், அழுவதற்கு நேரம் குறித்துக் கொடுத்தவர்களும் நாங்கள்தான்.

"அழும்மா" என்றேன்.

அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் வேட்டியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து முதல் இலையில் தங்கவேலுக்குச் சோறு போட்டாள்.